எதிரிகளும் நம்மோடு சேர்ந்தே லெவல் ஏறினால் நாம் லெவல் ஏறி என்ன பயன்?

பழைய_கன்ட்ரோலர்

ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தக் கேமைப் பற்றிய சண்டையாக மாறிவிடும். இப்போது லெவல் 28.

தொடக்க ஊரின் வாசலுக்கு வெளியே ஒரு பாலம். அதில் எப்போதும் இரண்டு கொள்ளைக்காரர்கள் நிற்பார்கள். லெவல் 5-இல் நாலு அடியில் ஒருவன் விழுந்தான். நேற்று அதே பாலத்துக்குப் போனால் ஏழு அடி தேவைப்படுகிறது. அதோடு அவன் என்னை ஐந்தே அடியில் சாய்த்துவிடுகிறான். அப்போது எட்டு அடி வரைக்கும் தாங்கினேன். இத்தனைக்கும் என் வாள் அன்று இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வலுவானது.

சவால் குறையக் கூடாது என்பதற்காகத்தான் இந்த லெவல் ஸ்கேலிங் என்கிறார்கள். சரி, ஆனால் நான் முன்னேறியதே எனக்குத் தெரியவில்லையே? ஆடுகிறவர்களில் பலர் இதைத் திட்டித் தீர்க்கிறார்கள். ஆனாலும் கேம் செய்கிறவர்கள் இதை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்?

மூன்றாம்_உயிர்

செட்டிங்ஸில் போய் டிஃபிகல்ட்டியை ஒரு படி இறக்கிவிடுங்கள் ப்ரோ, பிரச்சினை முடிந்தது. கஷ்டமாக ஆடித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் எல்லா கேமும் ஈஸியில்தான் ஆடுகிறேன், கதை பார்த்தால் போதும்.

நிழல்_வீரன்

லெவல் ஸ்கேலிங் என்றாலே சோம்பேறித்தனம். ஒவ்வொரு இடத்தையும் யோசித்து எதிரிகளை வைக்க நேரமில்லை, அதனால் 'ஆடுபவர் என்ன லெவலோ எதிரியும் அதே லெவல்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆப்லிவியன், ஸ்கைரிம் எல்லாம் இந்த ரகம்தான். எல்டன் ரிங்கைப் பாருங்கள். கேலிட் பக்கம் சின்ன லெவலில் போனால் நசுக்கிவிடுவான். பிறகு வளர்ந்து திரும்பி வந்து அவனை நாம் நசுக்கலாம். ஆர்பிஜி என்றால் அதுதான்.

எக்செல்_அரக்கன்

பாலத்துக் கணக்கைக் கொடுத்ததற்கு நன்றி, கன்ட்ரோலர். பெரும்பாலும் 'ரொம்பக் கஷ்டம்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நாலுக்கு எட்டு என்று இருந்தது ஏழுக்கு ஐந்து என்று ஆகியிருக்கிறது, இதை வைத்தே நிறையச் சொல்லலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: இந்த 28 லெவலும் எதைச் செய்து ஏறியது? வாள் வீசியா, வேறு வேலைகள் செய்தா?

மூன்றாம்_உயிருக்கு: அவர் கேட்டது கஷ்டம் எவ்வளவு என்பதில்லை. கஷ்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கேட்கிறார். டிஃபிகல்ட்டியை இறக்கினால் எல்லா லெவலிலும் ஒரே அளவு இலகுவாகும். பாலத்துக் கொள்ளைக்காரன் லெவல் 5-இல் மூன்று அடியிலும் 28-இல் ஐந்து அடியிலும் விழுவான், அவ்வளவுதான். வளர வளர அவன் கெட்டியாகிறான் என்பது அப்படியேதான் இருக்கும்.

பழைய_கன்ட்ரோலர்

உண்மையைச் சொன்னால் பாதிதான் வாள். இந்தக் கேமில் எந்தத் திறமை வளர்ந்தாலும் மொத்த லெவலுக்குச் சேரும். கொல்லன் பட்டறையில் நிறைய நேரம் செலவழித்தேன். மருந்து காய்ச்சினேன், வியாபாரிகளிடம் பேரம் பேசினேன், பூட்டு திறந்தேன். ஊர் சுற்றுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

எக்செல்_அரக்கன்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் கேமின் உண்மையான எண்கள் என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அடிகளுக்குப் பொருந்தும்படி ஒரு மாதிரிக் கணக்கு போடலாம்.

கொள்ளைக்காரனின் ஹெல்த் 50, அதோடு லெவலுக்கு 15 வீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவல் 5-இல் அவனுக்கு 125. உங்கள் ஒரு அடி 32 என்றால் நாலாவது அடியில் விழுவான். லெவல் 28-இல் அவனுக்கு 470. உங்கள் அடி இப்போது 70. நீங்கள் சொன்னது போல இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனால் 470-ஐ 70-ஆல் வகுத்தால் ஏழு அடி. பழையபடி நாலு அடியில் அவனை முடிக்க உங்கள் அடி 118 இருந்திருக்க வேண்டும். இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் நடுவில் உள்ள 48-ஐ நீங்கள் கொல்லன் பட்டறையிலும் வியாபாரிகளிடமும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அவன் பக்கமும் இதே கதைதான். அவனுடைய அடி 10, லெவலுக்கு 2 கூடுகிறது என்றால் லெவல் 5-இல் 20, லெவல் 28-இல் 66. உங்கள் ஹெல்த் 150-இலிருந்து 300 ஆகியிருந்தால் அன்று எட்டு அடி தாங்கினீர்கள், இன்று ஐந்தாவது அடியில் விழுகிறீர்கள். உங்கள் எண்கள் எல்லாம் இரட்டிப்பாகியிருக்கின்றன, அவனுடையவை மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கின்றன.

கோளாறு எங்கே என்றால், எதிரி பின்தொடர்வது உங்கள் சண்டை வலிமையை அல்ல, லெவல் என்ற ஒரே எண்ணைத்தான். அந்த எண்ணுக்குள் நீங்கள் காய்ச்சிய மருந்தும் பேசிய பேரமும் சேர்ந்து கலந்திருக்கின்றன. அவனுக்கு அது தெரியாது. நீங்கள் 28 லெவலும் வாள் பிடித்தீர்கள் என்று நினைத்துக்கொண்டு அவன் வந்து நிற்கிறான்.

2006-இல் வந்த ஆப்லிவியன் இதற்குப் பெயர் போனது. அதில் உங்கள் வகுப்புக்கு ஏழு முதன்மைத் திறமைகள். அந்த ஏழிலும் சேர்த்து பத்து புள்ளி ஏறினால், படுத்துத் தூங்கியதும் ஒரு லெவல். ஓட்டம், குதித்தல், பேச்சுத்திறன் இவற்றை முதன்மையாக வைத்தவர்கள் ஊருக்குள் ஓடிக் குதித்தே லெவல் ஏறினார்கள். வெளியே போனால் எதிரிகள் அதற்கேற்ற பலத்தோடு காத்திருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். அதிகம் பயன்படுத்தாத திறமைகளை முதன்மையில் போட்டு லெவல் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். சிலர் தூங்காமலே லெவல் 1-இல் இருந்துகொண்டு முழுக் கதையையும் முடித்தார்கள். லெவல் ஏறாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு ஆர்பிஜி ஆடுபவருக்குக் கற்றுக்கொடுத்தால் எங்கேயோ இடிக்கிறது.

நிழல்_வீரன், உங்களுக்கு பிறகு வருகிறேன். ஸ்கைரிமைப் பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை.

அஞ்சாதவள்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதற்கு முன் நான் எதிர்ப்பக்கம் பேசிவிடுகிறேன்.

நான் வரைபடத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துவிட்டுத்தான் முக்கியக் கதைக்குப் போவேன். எதிரிகளின் லெவல் மாறாத கேமில் இப்படி ஆடினால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டாம் அத்தியாயத்தின் பெரிய வில்லன் நீளமாக வசனம் பேசுவான், பயமுறுத்தும் இசை எல்லாம் போடுவார்கள். பிறகு இரண்டு அடியில் செத்துப்போவான். கதை உருவாக்கிய பயம் சண்டையில் இல்லை. கேம் முழுக்க இப்படி ஒவ்வொரு வில்லனும் என் காலடியில் விழுந்துகொண்டிருந்தால் நான் எதற்கு ஆட வேண்டும்?

ஓப்பன் வேர்ல்டில் யார் எப்போது எங்கே வருவார்கள் என்று கேம் செய்கிறவருக்குத் தெரியாது. ஒரே குகைக்கு ஒருவர் லெவல் 6-இல் வருவார், இன்னொருவர் 35-இல் வருவார். இரண்டு பேருக்கும் அங்கே ஒரு சண்டை இருக்க வேண்டும். அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நிழல்_வீரன் சொல்லும் எல்டன் ரிங்கிலேயே, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு தாமதமாக ஒரு பகுதிக்குப் போனால் அங்கே இருக்கும் பாஸ் சட்டென்று விழுந்துவிடுவார். நீங்கள் ரசிக்கிற அதே குணம்தான், நான் ஆடும் விதத்தில் அது குறையாகத் தெரிகிறது.

நிழல்_வீரன்

ஒரு பாஸ் சட்டென்று விழுந்தால் அது நான் சம்பாதித்த வெற்றி. ஊர் சுற்றி உழைத்ததற்குக் கூலி. அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி? மேலும் லெவல் ஏற்றும்போது நான் பார்ப்பது எண்ணை மட்டும் இல்லை. நேற்று என்னைத் துரத்தியவனை இன்று நான் துரத்த வேண்டும். ஓநாய் என்றைக்கும் ஓநாய்தானே. அது ஏன் என்னோடு சேர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது?

எக்செல்_அரக்கன்

ஓநாய் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆப்லிவியனில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் காட்சி இதே வகைதான். லெவல் ஏற ஏற சாதாரண வழிப்பறிக்காரன் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வருவான். அதை விற்றாலே அவன் வசதியாக வாழ்ந்துவிடலாம். ஆனால் வழிமறித்து அவன் கேட்பது 100 தங்கம். சண்டையின் கணக்கு சரியாகத்தான் இருக்கும், அந்த உலகம் நம்பும்படி இருக்காது. எதிரி பலமாக இருப்பது பலருக்கும் பிரச்சினை இல்லை. அவன் ஏன் பலமாக இருக்கிறான் என்பதற்கு உலகத்துக்குள் காரணம் இல்லாததுதான் உறுத்துகிறது.

ஆனால் ஸ்கைரிமில் 'ஆடுபவர் என்ன லெவலோ எதிரியும் அதே லெவல்' என்று கிடையாது. அதற்கு நான் மாட் செய்திருக்கிறேன், கிரியேஷன் கிட்டில் திறந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். கல்லறைகளில் எழுந்து வரும் டிராகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் தரம் உண்டு, ஒவ்வொரு தரத்துக்கும் லெவல் நிலையானது. சாதாரண டிராகர் 1, ரெஸ்ட்லெஸ் 6, வைட் 13, ஸ்கர்ஜ் 21, டெத்லார்ட் 30. இந்த உருவங்கள் உங்களோடு வளர்வதில்லை. எந்த உருவம் வரும் என்பதுதான் மாறுகிறது.

அதிலும் ஒரு நுணுக்கம். கல்லறையில் ஒவ்வொரு எதிரியையும் வைக்கும்போதே இவன் எளியவன், நடுத்தரம், கடினம், மிகக் கடினம் என்று குறித்து வைத்திருப்பார்கள். அதற்கேற்ற பெருக்கல் எண்கள் 0.33, 0.67, 1, 1.25. நீங்கள் லெவல் 30-இல் முதன்முதலாக உள்ளே போகிறீர்கள் என்று வையுங்கள். எளியவனுக்கு 30-ஐ 0.33-ஆல் பெருக்கினால் பத்துக்குச் சற்றுக் கீழே, ஆகவே அதிகபட்சம் ரெஸ்ட்லெஸ்தான் வரும். நடுத்தரத்துக்கு 20 வருகிறது. ஸ்கர்ஜ் 21 கேட்கும், அதனால் வைட் வரை. கடினம் என்று குறித்த இடத்தில் டெத்லார்டே எழுந்து வரலாம். ஒரே கல்லறையில் இரண்டு பேரை ஊதித் தள்ளுவீர்கள், ஒருவனிடம் ஓரளவு போராடுவீர்கள், கடைசி அறையில் இருப்பவன் கத்திய கத்தில் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் பறந்துபோகும். வளர்ந்திருக்கிறோம் என்பதும் தெரிகிறது, சவாலும் இருக்கிறது.

இது உடையும் இடமும் உண்டு. லெவல் 60-இல் புதிதாக ஒரு கல்லறைக்குப் போனால் நடுத்தரமே 40 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் பட்டியலில் ஆள் இல்லை என்பதால் திரும்பின பக்கமெல்லாம் டெத்லார்ட் வர ஆரம்பிக்கும். பிற்பகுதியில் கல்லறைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று சொல்கிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

இது தவிர, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச லெவல் வைக்கலாம், உச்ச வரம்பும் வைக்கலாம். சுருக்கமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
enemyLevel = clamp(playerLevel * mult, zoneMin, zoneMax)
```

கீழ் வரம்பு இருப்பதால் சின்ன லெவலில் பெரிய இடத்துக்குப் போனால் அடி வாங்குவீர்கள். மேல் வரம்பு இருப்பதால் வளர்ந்த பிறகு சின்ன இடத்துக்குத் திரும்பினால் அடிப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில்தான் அவர்கள் உங்களைப் பின்தொடர்கிறார்கள். கன்ட்ரோலர் சொல்லும் பாலத்துக்கு யாரோ மேல் வரம்பு வைக்க மறந்திருக்கிறார்கள், அல்லது வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். அங்கே 10 என்று ஓர் உச்ச வரம்பு இருந்திருந்தால் கொள்ளைக்காரனின் ஹெல்த் 200-இல் நின்றிருக்கும். உங்கள் 70-க்கு மூன்றே அடி. இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அஞ்சாதவள்

மேல் வரம்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி சொல்கிறீர்கள். அந்த வரம்பைத் தாண்டிவிட்டவருக்கு அந்தப் பகுதி முழுதும் வெறும் நடைபாதைதானே? நான் ஒரு பகுதியை முழுதாக முடிப்பதற்குள்ளேயே அதன் வரம்பைத் தாண்டிவிடுவேன். மீதிப் பாதி எனக்குத் தண்டம்.

கூட்டாளி_இரண்டு

நண்பர்களோடு ஆடும்போது ஸ்கேலிங் இல்லாமல் எப்படி முடியும் என்று யாரும் கேட்கவில்லையே. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2016-இல் 'ஒன் டாம்ரியல்' என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நேற்றுச் சேர்ந்தவரும் வருடக்கணக்காக ஆடுகிறவரும் ஒரே இடத்தில் ஒன்றாகச் சண்டை போடலாம். கில்ட் வார்ஸ் 2 இன்னொரு வழியில் போனது. எதிரியை ஏற்றாமல், சின்னப் பகுதிக்கு வந்தால் உங்களையே கீழே இறக்கிவிடும். எனக்கு அது பிடித்தது, ஏனென்றால் ஓநாய் ஓநாயாகவே இருக்கிறது.

நிழல்_வீரன்

என்னைக் கீழே இறக்குவது அதைவிட அவமானம்.

எக்செல்_அரக்கன்

ஆன்லைன் கேமில் நிர்ப்பந்தம் வேறு, அதைத் தனியாகப் பேசலாம். அங்கேயும் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2023-இல் டயப்லோ 4 வந்தபோது எழுந்த முக்கியமான புகார்களில் ஒன்று இதுதான். லெவல் ஏறியதும் ஒரு கணம் பலவீனமானது போல இருக்கிறது என்றார்கள். காரணம் எளிது. லெவல் ஏறிய நொடியில் எதிரி ஏறிவிடுகிறான். உங்கள் ஆயுதம் பழைய லெவலுடையதாகவே இருக்கிறது. புதியது கிடைக்கும் வரை நீங்கள் பின்தங்கித்தான் இருப்பீர்கள். லெவல் ஏறும்போது சந்தோஷப்பட வேண்டியவர் சலித்துக்கொள்கிறார்.

சேமிப்புக்_கோப்பு

ப்ரெத் ஆஃப் தி வைல்டையும் இங்கே சேர்க்க வேண்டும். அதிலும் ஸ்கேலிங் இருக்கிறது, ஆனால் யாரும் திட்டிப் பார்த்ததில்லை. பலருக்கு அது இருப்பதே தெரியாது. எதிரிகளைக் கொல்லக் கொல்ல வெளியே காட்டாத ஒரு புள்ளிக்கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அது உயர உயர சிவப்பு பொகோப்ளின் இருந்த இடத்தில் நீலம் வரும், பிறகு கறுப்பு, பிறகு வெள்ளி. அவர்கள் கையில் இருக்கும் ஆயுதமும் கூடவே நல்லதாகும்.

ஏன் உறுத்தவில்லை என்றால் எனக்குத் தோன்றுவது இது: அந்தக் கேமில் நமக்கு லெவல் எண்ணே கிடையாது. அதனால் 'நான் ஏறினேன், அவனும் ஏறிவிட்டான்' என்ற ஒப்பீடு மனதில் எழாது. நிறம் மாறியவுடன் இவன் வேறு ஆள் என்று கண்ணே சொல்லிவிடுகிறது. கன்ட்ரோலரின் கொள்ளைக்காரன் அதே முகம், அதே சட்டை, ஆனால் ஏழு அடி. அதுதான் எரிச்சல்.

எக்செல்_அரக்கன்

கண்ணுக்குத் தெரிகிறது என்பது உண்மை. யாரும் திட்டவில்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த நாலு நிறத்தின் ஹெல்த்தைப் பாருங்கள்: சிவப்பு 13, நீலம் 72, கறுப்பு 240, வெள்ளி 720. ஆயுதங்கள் உடைந்துபோகும் கேம் அது. வெள்ளி பொகோப்ளினை முடிக்கப் பயன்படுத்தும் ஆயுதத்தின் ஆயுள் பெரும்பகுதி அவனிடமே போய்விடும். அவன் விட்டுச்செல்லும் ஆயுதம் அதை ஈடுகட்டுமா என்று கணக்குப் பார்த்து, பலர் கடைசியில் அந்த முகாம்களையே சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். சவாலுக்காக வைத்த எதிரியை ஆடுபவர் ஒதுங்கிப் போகிறார் என்றால், அவன் கடினமாக இல்லை, வெறும் கெட்டியாக இருக்கிறான் என்று பொருள்.

ஹெல்த்தை மட்டும் ஏற்றும் ஸ்கேலிங் பெரும்பாலும் இங்கேதான் வந்து முட்டும். எதிரி புதிதாக எதுவும் செய்வதில்லை. அதே மூன்று அசைவுகள், நேரம் மட்டும் நீள்கிறது. ஒரு சண்டை எத்தனை நொடி நீடித்தது என்று பாருங்கள், அதில் நீங்கள் புதிதாக முடிவெடுத்த இடம் எத்தனை என்றும் பாருங்கள். முதலாவது ஏறி இரண்டாவது அப்படியே நின்றால் அது சவால் இல்லை.

அஞ்சாதவள்

சரி, என் பக்கத்திலிருந்தே ஒரு குறையைச் சொல்கிறேன். விட்சர் 3-இல் எதிரிகளை நம் லெவலுக்கு ஏற்றிக்கொள்ளும் வசதி செட்டிங்ஸில் உண்டு, வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். என்னைப் போன்றவர்களுக்காகவே வைத்தது, நான் எப்போதும் போட்டுத்தான் வைப்பேன். ஆனால் அதில் எலிகள் பெயர் பெற்றவை. ஒரு கோபுரத்தில் எலிக்கூட்டம் வரும். ஸ்கேலிங் போட்டுவிட்டு அங்கே போனால் டிராகன் வகையறாவை வெட்டிச் சாய்த்தவர் எலிகளிடம் செத்துக் கிடப்பார். அந்த எலிக்காகவே பலர் அந்த வசதியை ஒரு நிமிஷம் அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார்கள்.

எக்செல்_அரக்கன்

எலி நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே தப்பு எங்கே என்பது தெளிவாகத் தெரியும். எலியைக் கேமில் வைத்தவர் அது ஒரே அடியில் சாகும் என்று நினைத்துத்தான் கூட்டமாக வைத்தார். எலி ஒன்றின் ஆபத்து குறைவு, எண்ணிக்கை அதிகம், மொத்தம் சமன். ஸ்கேலிங் வந்து ஒவ்வொரு எலிக்கும் உங்கள் லெவலுக்கு உரிய ஹெல்த்தையும் கடியையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை. தனியாக வரும் ஓர் எதிரிக்கு எழுதிய சூத்திரத்தைக் கூட்டத்துக்கும் போட்டால் கூட்டம் எப்போதும் அளவுக்கு மீறியே நிற்கும். ஓநாய், நாய், சிலந்தி எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். ஒரு கேமில் ஸ்கேலிங்கை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் பாஸிடம் போகாதீர்கள், கூட்டமாக வரும் சின்ன எதிரிகளிடம் போங்கள்.

மூன்றாம்_உயிர்

நான் ஈஸியில் ஆடியும் அந்த எலிகளிடம் செத்தேன். இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நிழல்_வீரன்

இவ்வளவு பேசியும் பரிசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எதிரி மட்டும் ஸ்கேல் ஆவதில்லை, நமக்குக் கிடைப்பதும் ஸ்கேல் ஆகிறது. ஸ்கைரிமில் சில்ரெண்ட் என்ற பனிவாளுக்கு ஆறு வடிவங்கள். எந்த லெவலில் அதைப் பெறுகிறீர்களோ அந்த வடிவம்தான் கடைசி வரை. சிறந்தது வேண்டுமென்றால் 46-ஆவது லெவல் வரை காத்திருக்க வேண்டும். இது தெரிந்த பிறகு கதையில் நல்ல இடம் வந்தாலும் 'இப்போது வேண்டாம், 46 ஆகட்டும்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டு திரிகிறோம். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லி விற்ற கேம், எங்கேயும் போகாதே என்று சொல்கிறது.

எக்செல்_அரக்கன்

இந்த இடத்தில் நான் முழுதாக உங்கள் பக்கம். எதிரியை ஸ்கேல் செய்வதற்கு அஞ்சாதவள் சொன்ன நியாயம் இருக்கிறது. வாங்கிய பொருளை அந்த லெவலிலேயே பூட்டி வைப்பதற்கு அப்படி எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. முன்னாலேயே முயற்சி செய்தவருக்குத் தண்டனை, அவ்வளவுதான். பழைய வடிவத்தைக் கொல்லனிடம் கொடுத்து ஏற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தாலே பாதி முணுமுணுப்பு அடங்கியிருக்கும்.

அஞ்சாதவள்

பொருள் விஷயத்தில் நானும் ஒத்துக்கொள்கிறேன். எதிரி விஷயத்தில் இல்லை.

பழைய_கன்ட்ரோலர்

நிறையப் படித்தேன், நன்றி. இப்போது என் நிலைமைக்கு என்ன செய்வது? கேமை முதலிலிருந்து ஆரம்பிக்க மனசு வரவில்லை.

எக்செல்_அரக்கன்

ஆரம்பிக்க வேண்டாம். இப்போதைக்குச் செய்ய வேண்டியது, மொத்த லெவலை ஏற்றாமல் சண்டை வலிமையை மட்டும் ஏற்றுவது. லெவலைக் கூட்டாத வழிகள் எல்லா கேமிலும் சில இருக்கும்: நல்ல ஆயுதம், கவசம், மந்திரம் பொதிந்த மோதிரம், நீங்களே காய்ச்சிய மருந்து. கொல்லன் வேலையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், அந்தத் திறமையைப் பயன்படுத்தி உங்கள் வாளையே தீட்டியிருக்கிறீர்களா, அல்லது செய்து விற்றதோடு சரியா?

பிறகு அளந்து பாருங்கள். பாலத்துக்குப் போவதற்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள். ஒருவனை வீழ்த்த எத்தனை அடி, நீங்கள் விழ எத்தனை அடி, இரண்டையும் குறியுங்கள். வாளைத் தீட்டிவிட்டு அதே சேவிலிருந்து அதே ஆளிடம் மறுபடி போங்கள். சண்டைத் திறமையில் புள்ளி போட்டு லெவல் ஏறும்போதும் இதையே செய்யுங்கள். ஏழு என்பது ஆறு, ஐந்து என்று இறங்கினால் நீங்கள் அவனைவிட வேகமாக வளர்கிறீர்கள். வாளுக்கே புள்ளி போட்டும் எட்டு ஒன்பது என்று போனால் அந்தக் கேமின் சூத்திரமே உங்களுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது, நீங்கள் எப்படி ஆடினாலும் பயனில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆயுதத் திறமைக்கு உச்சம் இருந்து, எதிரி ஹெல்த்துக்கு உச்சம் இல்லையென்றால், உங்கள் திறமை உச்சம் தொட்ட நாளிலிருந்து சண்டைகள் நீண்டுகொண்டேதான் போகும்.

பழைய_கன்ட்ரோலர்

வாளைத் தீட்டவே இல்லை. செய்து விற்றதோடு சரி. இன்று ராத்திரி தீட்டிப் பார்த்தேன். பாலத்தில் ஐந்து அடி ஆனது. அவன் என்னை வீழ்த்துவது மட்டும் அதே ஐந்து அடியில்தான். கவசத்தை இன்னும் தொடவில்லை.

ஆனாலும் ஒரு உறுத்தல். இது லெவல் 5-இல் நாலு அடியில் விழுந்தவன். இவ்வளவு செய்தும் நான் அங்கே திரும்பவில்லை.

நிழல்_வீரன்

நான் சொன்னேனே.

அஞ்சாதவள்

ஐந்துக்கு ஐந்து என்றால் அது நல்ல சண்டை. கவசத்தையும் தீட்டி ஐந்துக்கு எட்டு ஆக்கினால் போதுமே, எதற்கு அவன் நாலில் விழ வேண்டும்?

கூட்டாளி_இரண்டு

அந்தப் பாலத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றுதானே முதலில் சொன்னீர்கள். ஐந்துக்கு ஐந்து என்பது ஒருவனோடா, இரண்டு பேரும் சேர்ந்து அடிக்கும்போதா?

பழைய_கன்ட்ரோலர்

ஒருவனோடு. இரண்டாமவனை முதலிலேயே பாலத்திலிருந்து தள்ளிவிட்டேன். தண்ணீரில் விழுந்தவனுக்கு லெவல் ஸ்கேலிங் கிடையாது போல, நீச்சல் தெரியவில்லை.

எக்செல்_அரக்கன்

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கவசத்தைத் தீட்டிவிட்டு இருவரையும் பாலத்திலேயே வைத்து எண்ணிச் சொல்லுங்கள். இருவர் சேரும்போது எண் எவ்வளவு தாவுகிறது என்று பார்த்தால் உங்கள் கேமில் எலிப் பிரச்சினை இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.